தப்பா வருதுன்னா எது தப்பு?

“அண்ணா, என் புரோகிராம் தப்பான ஆன்சர் காட்டுது. எங்க தப்புன்னு கொஞ்சம் பாருங்களேன்.”

செமஸ்டர் லேப் தேர்வு நெருங்கும்போது, ஐ.டி. வேலையில் இருக்கிற யாருடைய வாட்ஸ்அப்பிலும் இப்படி ஒரு செய்தி வந்து விழும். அதற்குக் கீழே புரோகிராம் முழுவதையும் ஒட்டியிருப்பார்கள். அதற்கு என்ன இன்புட் கொடுத்தார்கள், திரையில் என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்பதில் ஒன்றுகூட இருக்காது. கேட்பவருக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. புரோகிராம்தான் ஒரு வரி விடாமல் இருக்கிறதே, படித்துப் பார்த்தால் தப்பு தெரிந்துவிடாதா என்று நினைப்பார். தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு மூன்றே வரி கொண்ட புரோகிராம் போதும். எனக்குத் தெரிந்த பொறியியல் மாணவர் ஒருவர் அனுப்பியது இது. வகுப்பில் இரண்டாவது அதிக மதிப்பெண் எது என்று கண்டுபிடிக்க, பைத்தானில் எழுதியிருந்தார்.

```python
marks = input().split()
marks.sort()
print(marks[-2])
```

கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் இதைப் புரிந்துகொள்ளலாம். மதிப்பெண்களை இடைவெளி விட்டு ஒரே வரியில் தட்டச்சு செய்தால், முதல் வரி அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து ஒரு பட்டியலாக வைத்துக்கொள்கிறது. இரண்டாவது வரி அந்தப் பட்டியலைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துகிறது. மூன்றாவது வரி கடைசியிலிருந்து இரண்டாவதாக இருப்பதை எடுத்துத் திரையில் காட்டுகிறது. செய்ய வேண்டியது அவ்வளவுதான். படிக்கும்போது உறுத்தலாக எதுவும் இல்லை.

நான் முதலில் 72 85 64 91 என்று கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். 85 என்று வந்தது. சரியான விடை. “எனக்குச் சரியாத்தானே வருது?” என்று எழுதினேன்.

“இல்லண்ணா, எனக்குத் தப்பா வருது.”

“என்ன இன்புட் குடுத்த?”

“மார்க்குதாண்ணா.”

“எந்த மார்க்கு?”

“எங்க கிளாஸ் மார்க்கு.”

இந்த உரையாடலில் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்குத் தேவையான தகவலும் எதுவும் இல்லை. புரோகிராமில் வரும் தவறுகளில் இந்த வகைக்கு மட்டும் இந்தத் தொல்லை உண்டு. எழுத்துப் பிழையோ அடைப்புக்குறி விட்டுப்போனதோ என்றால் புரோகிராம் ஓடவே ஓடாது. ஓடும்போது நடுவில் முறிந்தால், எந்த வரியில் முறிந்தது, என்ன காரணம் என்று கம்ப்யூட்டரே சிவப்பில் எழுதிக் காட்டிவிடும். அந்தச் சிவப்பு எழுத்தை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும். தப்பான விடை அப்படியல்ல. புரோகிராம் ஒழுங்காக ஆரம்பித்து, ஒழுங்காக ஓடி, ஒழுங்காக முடிகிறது. கம்ப்யூட்டருக்கு அதில் எந்தப் புகாரும் கிடையாது. தப்பு என்று சொல்கிறவர் மனிதர் ஒருவர்தான். தன் மனதில் ஒரு விடையை வைத்துக்கொண்டு, திரையில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர் அப்படிச் சொல்கிறார். அந்த மனதில் இருக்கும் விடை புரோகிராமுக்குள் எங்கேயும் எழுதியில்லை. அதனால்தான் புரோகிராமை எத்தனை முறை படித்தாலும் அது எதிரில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

கடைசியில் அவர் பட்டியலை அனுப்பினார். நீளமான பட்டியல், வகுப்பு முழுவதன் மதிப்பெண்கள். அதில் சரியான விடை என்ன என்று எண்ணிப் பார்க்கவே நேரமாகும். இந்த மாதிரிச் சமயத்தில் செய்ய வேண்டிய வேலை, பட்டியலைக் குறைப்பது. பாதி எண்களை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இன்னும் தப்பாகவே வந்தால், நீக்கிய பாதிக்கும் கோளாறுக்கும் சம்பந்தமில்லை, தூக்கிப் போடலாம். விடை சரியாகிவிட்டால் நீக்கிய பாதியில்தான் ஏதோ இருக்கிறது, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மற்ற பாதியைக் குறையுங்கள். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்ததில் நான்கு எண்கள் மிஞ்சின: 72 100 85 91. பெரியது 100, அதற்கு அடுத்தது 91. புரோகிராம் காட்டியது 85.

நான்கையும் இன்னும் குறைக்கலாம். 100 91 என்று இரண்டே எண்களைக் கொடுத்தால், இரண்டாவது அதிக மதிப்பெண் 100 என்று புரோகிராம் சொல்கிறது. வகுப்பு முழுவதன் பட்டியலில் ஒளிந்திருந்த கோளாறு இப்போது பளிச்சென்று தெரிகிறது. இரண்டே பேர் இருக்கிற வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் இரண்டாமிடமாம்! வரிசைப்படுத்தும் இடத்தில்தான் ஏதோ நடக்கிறது என்று இனி யாரும் சொல்லிவிடுவார்கள். வரிசைப்படுத்திய பிறகு பட்டியல் எப்படி இருக்கிறது என்று பார்க்க, இரண்டாவது வரிக்குக் கீழே print(marks) என்று ஒன்றைச் சேர்த்தால் திரையில் இப்படி வரும்:

```
['100', '91']
```

ஒவ்வொரு எண்ணுக்கும் இரு பக்கமும் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பைத்தானைப் பொறுத்தவரை இவை எண்களே அல்ல, எழுத்துகள். input() என்பது விசைப்பலகையில் தட்டியதை எப்போதும் எழுத்தாகத்தான் வாங்கும். அதை எண்ணாக மாற்றச் சொல்லி நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர் அதைச் சொல்லவில்லை. எனவே கம்ப்யூட்டர் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல அவற்றை அடுக்கியிருக்கிறது. அகராதியில் முதல் எழுத்துதான் முதலில் முக்கியம், சொல்லின் நீளம் அல்ல. 100 என்பதன் முதல் எழுத்து 1, 91 என்பதன் முதல் எழுத்து 9. ஒன்பதுக்கு முன்னால் ஒன்று வரும் என்பதால் 100 முன்னால் போய்விட்டது. காரில் பென்டிரைவைச் செருகிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சில பிளேயர்களில் 1-ஆம் பாட்டுக்குப் பிறகு 10, 11 என்று போய், எல்லாம் முடிந்த பிறகு 2 வரும்.

இப்போது நான் முதலில் கொடுத்த 72 85 64 91 ஏன் சரியாக வந்தது என்பதும் விளங்கும். எல்லாமே இரண்டு இலக்க எண்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால், எழுத்தாக அடுக்கினாலும் எண்ணாக அடுக்கினாலும் வரிசை ஒன்றேதான். வகுப்பில் ஒருவர்கூட நூறு வாங்காமலும், ஒருவர்கூட ஒற்றை இலக்கத்தில் வாங்காமலும் இருக்கும் வரை இந்தப் புரோகிராம் ஒவ்வொரு தேர்விலும் சரியான விடை சொல்லும். அதாவது, தப்பு புரோகிராமில் இருந்தாலும் அதை வெளியே கொண்டுவருவது இன்புட்தான். இன்புட்டை மறைத்துவிட்டுப் புரோகிராமை மட்டும் காட்டுகிறவர், கோளாறைக் கிளப்பிவிடுகிற பொருளையே மறைத்துவிட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

இதைவிட வேடிக்கை அடுத்து வந்தது. “ஆனா ‘பி’ செக்‌ஷன்ல என் ஃபிரெண்டு இதே புரோகிராமைத்தான் ஓட்டினான், அவனுக்கு நூறு இருந்தும் கரெக்டா வந்துச்சுண்ணா” என்றார். நண்பருடைய பட்டியலையும் குறைத்துப் பார்த்தோம். 64 88 100 79 AB என்று நின்றது. AB என்பது தேர்வுக்கு வராத மாணவருக்கு மதிப்பெண் பட்டியலில் போடும் குறி. நண்பர் அதையும் அப்படியே தட்டியிருக்கிறார். எழுத்தாக அடுக்கும்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை, ஆங்கிலப் பெரிய எழுத்து A-வுக்கு 65. ஆகவே AB எல்லா மதிப்பெண்களுக்கும் பின்னால் போய், வகுப்பிலேயே முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது. 100 வரிசையின் முன்னால் போய்விட்டது. வரிசை 100, 64, 79, 88, AB என்று ஆனது. கடைசியிலிருந்து இரண்டாவது 88. உண்மையான இரண்டாவது அதிக மதிப்பெண்ணும் 88-தான்! மேலிருக்க வேண்டிய நூறு கீழே போயிற்று, வராதவர் மேலே வந்தார், இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன.

இதைப் புரோகிராமை மட்டும் படித்து ஊகித்திருக்க முடியுமா? நிச்சயமாக முடியாது. AB என்ற இரண்டு எழுத்து புரோகிராமில் எங்கேயும் இல்லை. நண்பருக்குச் சரியாக வருகிறது, எனக்குத் தப்பாக வருகிறது என்றால் ஆளுக்கு ஆள் கம்ப்யூட்டர் மாறுகிறது, பைத்தான் பதிப்பு வேறு என்றெல்லாம் தேடிக்கொண்டு போயிருப்போம்.

மாற்றம் எளிது. முதல் வரியில் ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றச் சொன்னால் போதும்.

```python
marks = [int(x) for x in input().split()]
```

மாணவரின் பட்டியலுக்கு இப்போது 91 வந்தது. நண்பரின் பட்டியலுக்கோ, அதுவரை சரியாக வந்துகொண்டிருந்த விடை போய், புரோகிராமே முறிந்தது:

```
ValueError: invalid literal for int() with base 10: 'AB'
```

AB என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்கிறது. ஒருவருக்குத் தீர்வு, இன்னொருவருக்குப் பிரச்சினை. ஆனால் இந்தப் பிரச்சினை நல்ல பிரச்சினை என்பேன், ஏனென்றால் வாய் திறந்து பேசுகிறது. வராதவர்களை என்ன செய்வது என்பதை முன்பு கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு முடிவு செய்தது. இப்போது நம்மைக் கேட்கிறது.

இதுவரை பார்த்தது இன்புட் இல்லாததால் வரும் சிக்கல். எதிர்பார்த்த விடை இல்லாததால் வருவது வேறு வகை, என் கணக்கில் அதுதான் கூடுதல் வில்லங்கம். திருத்திய புரோகிராமுக்கு 91 85 91 72 என்று கொடுங்கள். 91 என்று வரும். இது சரியா, தப்பா?

வகுப்பில் இரண்டு பேர் 91 வாங்கியிருக்கிறார்கள். மதிப்பெண் வரிசையில் மாணவர்களை நிற்க வைத்தால் இரண்டாவதாக நிற்பவரின் மதிப்பெண் 91. அப்படிப் பார்த்தால் சரி. மதிப்பெண்களை மட்டும் பார்த்தால் இருப்பவை 91, 85, 72 என்ற மூன்றுதான், அவற்றில் இரண்டாவது 85. அப்படிப் பார்த்தால் தப்பு. விளையாட்டுப் போட்டிகளில் இரண்டு பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டால் அடுத்தவருக்கு மூன்றாமிடம் என்பார்களே, அந்தக் கணக்கில் இரண்டாமிடத்தில் யாருமே இல்லை. ஒரே புரோகிராம், ஒரே இன்புட், ஒரே அவுட்புட். அது சரியா தப்பா என்பதற்கு மூன்று தீர்ப்பு. தரவுத்தளங்களில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய இடம். எஸ்.க்யூ.எல். மொழியில் இதற்காகவே RANK, DENSE_RANK என்று இரண்டு தனிக் கட்டளைகள் இருக்கின்றன. இருவர் முதலிடத்தில் இருந்தால் முன்னது அடுத்தவருக்கு 3 கொடுக்கும், பின்னது 2 கொடுக்கும்.

“91 வருது, ஆனா தப்பு” என்று மட்டும் ஒருவர் சொன்னால், அவர் மனதில் 85 இருக்கிறதா, ‘யாருமில்லை’ என்பது இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உதவ வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவர் திரும்பத் திரும்ப வரும் மதிப்பெண்களை நீக்கச் சொல்வார். இன்னொருவர் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வார். மூன்றாமவர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, உன் கேள்விதான் குழப்பம் என்பார். மூன்று பேரும் அவரவர் நினைத்துக்கொண்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். கேட்டவர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்துபார்த்து, புரோகிராமை அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டுத் திரும்பி வருவார். “85 வரணும்” என்ற இரண்டு சொல் இருந்திருந்தால் இது எதுவுமே வேண்டியதில்லை, ஒரு வரி மாற்றத்தோடு முடிந்திருக்கும்.

எதிர்பார்த்த விடையை எழுத உட்காரும்போது, தான் எதை எதிர்பார்க்கிறோம் என்று தனக்கே தெரியவில்லை என்பது பலருக்கு அப்போதுதான் புலப்படும். எங்கள் மாணவருக்கும் அப்படித்தான். ஒரே மதிப்பெண் இரண்டு பேருக்கு வந்தால் என்ன என்று அவர் யோசித்திருக்கவே இல்லை. லேப் வினாத்தாளில் ‘இரண்டாவது அதிக மதிப்பெண்ணைக் கண்டுபிடி’ என்று ஒரு வரிதான் இருந்ததாம். அதைத் தெளிவுபடுத்த வேண்டியவர் கேள்வியை எழுதிய ஆசிரியர். இங்கே மாணவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை.

புகார் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, கம்ப்யூட்டர் உலகில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு நிகழ்ச்சி 1994-இல் நடந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு நீண்ட கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். இரட்டைப் பகா எண்கள் என்றால் 11, 13 போல இரண்டே வித்தியாசத்தில் அமைந்த பகா எண்கள். அந்தக் கூட்டத்தில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டரில் இன்டெலின் பென்டியம் சிப் இருந்தது. ஜூன் மாதத்தில் விடைகள் ஒத்துவராததைக் கவனித்தார்.

அவர் உடனே இன்டெலுக்கு “உங்கள் சிப் தப்பாகக் கணக்குப் போடுகிறது” என்று எழுதிவிடவில்லை. முதலில் தன் புரோகிராமைச் சந்தேகப்பட்டார். பிறகு அதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றிய கம்பைலரை. பிறகு கம்ப்யூட்டரின் மற்ற பாகங்களை. அக்டோபர் வரை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டிக்கொண்டே வந்தார். அவ்வளவு பெரிய கணக்கைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒரே ஒரு எண்ணில் கொண்டுவந்து நிறுத்தினார்: 824633702441. இந்த எண்ணால் 1-ஐ வகுத்து, வந்ததை மறுபடி அதே எண்ணால் பெருக்கினால் 1 வர வேண்டும். இது பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். பென்டியத்தில் 0.999999996274709702 வந்தது. பழைய 486 சிப் உள்ள கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை.

அக்டோபர் 30-ஆம் தேதி அவர் சிலருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இன்புட் இருந்தது, வர வேண்டிய விடை இருந்தது, வந்த விடை இருந்தது. பென்டியம் கம்ப்யூட்டர் வைத்திருந்த எவரும் உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. பார்த்தார்கள். விரைவிலேயே இன்னும் எளிய எண்கள் கிடைத்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று தொடங்க வேண்டிய விடை, பென்டியத்தில் 1.33374 என்று தொடங்கியது. கால்குலேட்டர் தட்டத் தெரிந்த யாரும் சரிபார்க்கலாம் என்ற நிலைக்கு விஷயம் வந்தபிறகு அதை மூடி மறைக்க வழியில்லை. வகுத்தலுக்காகச் சிப்புக்குள் பதித்து வைத்திருந்த ஓர் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் விட்டுப்போனதுதான் காரணம். கேட்பவர் எல்லோருக்கும் சிப்பை மாற்றித் தருவதாக அந்த டிசம்பரில் இன்டெல் அறிவித்தது. அதற்காக 47.5 கோடி டாலர் ஒதுக்கியதாக 1995 ஜனவரியில் சொன்னது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதற்கு நடுவில் இருக்கிறது. சாதாரணமாக ஸ்ப்ரெட்ஷீட் பயன்படுத்துகிறவருக்கு இந்தக் கோளாறு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எதிர்ப்படும் என்று இன்டெல் சொன்னது. 24 நாட்களுக்கு ஒருமுறை எதிர்ப்படலாம் என்று ஐ.பி.எம். சொன்னது. இரண்டு நிறுவனங்களும் பேசியது ஒரே சிப்பைப் பற்றி, அதே ஐந்து வெற்றிடங்களைப் பற்றி. மக்கள் எந்த மாதிரி எண்களை, எத்தனை முறை வகுப்பார்கள் என்று ஆளுக்கொரு விதமாக நினைத்துக்கொண்டதில்தான் இவ்வளவு வித்தியாசம். இன்புட்டைச் சொல்லாமல் ‘எவ்வளவு தப்பு’ என்று பேசினால் இப்படித்தான் ஆகும்.

நைஸ்லிக்கு ஒரு வசதி இருந்தது, விடை 1 என்று அவருக்குத் தெரியும். சரியான விடை தெரியாத கணக்குகளும் உண்டு. நாளைய மழையைக் கணிக்கும் புரோகிராம் சொல்வதை எதோடு ஒப்பிடுவது? விடை தெரிந்திருந்தால் புரோகிராமே தேவையில்லையே! இப்படிப்பட்ட புரோகிராம்களைப் பற்றி எலைன் வேயுக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். சோதிக்கவே முடியாத புரோகிராம்களை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அதன் பொருள். இந்தத் துறையில் பிற்பாடு வளர்ந்த ஒரு வழி நமக்கும் பயன்படும். விடை தெரியாவிட்டாலும், இன்புட்டை ஒரு விதமாக மாற்றினால் விடை எப்படி மாற வேண்டும் என்பது தெரியும். அதைச் சோதிக்கலாம்.

மாணவரின் பழைய புரோகிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். 72 85 64 91 என்ற பட்டியலுக்கு அது 85 என்று சரியாகச் சொல்லி என்னை ஏமாற்றியது. இப்போது எல்லோருக்கும் 10 கருணை மதிப்பெண் கொடுத்துவிடுவோம். பட்டியல் 82 95 74 101 ஆகிறது. நூற்றுக்கு மேல் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம், இது சோதனைதானே. சரியான விடை எதுவாக இருந்தாலும் அதுவும் 10 கூட வேண்டும், 85 இருந்த இடத்தில் 95 வர வேண்டும். வருவது 82. விடை கூடவில்லை, குறைந்தேவிட்டது. வகுப்புப் பட்டியலைப் பார்க்காமலே, யாரையும் கேட்காமலே, கோளாறு பிடிபட்டுவிட்டது. “எனக்கு எக்ஸ்பெக்டட் அவுட்புட் தெரியாது” என்று சொல்பவர்கள் குறைந்தபட்சம் இப்படி ஒரு வாக்கியமாவது எழுத முடியும்: எல்லா எண்ணிலும் 10 கூட்டினேன், விடையும் 10 கூடும் என்று எதிர்பார்த்தேன், 3 குறைந்துவிட்டது.

கேம்பஸ் வேலைத் தேர்வுகளில் நிலைமை இதற்குத் தலைகீழ். அங்கே இன்புட்டையும் சரியான விடையையும் தேர்வு வைப்பவர்கள் ஒளித்து வைத்திருப்பார்கள். மாணவரின் புரோகிராம் அவற்றில் சிலவற்றில் தோற்றது என்று மட்டும் திரையில் வரும். காட்டியிருக்கும் மாதிரி இன்புட்டுக்குச் சரியாக வருகிறதே என்று மாணவர்கள் குமுறுவார்கள். மாதிரிகள் பெரும்பாலும் 72 85 64 91 போன்ற சாதுவான எண்களாகவே இருக்கும். ஒளித்து வைத்தவற்றில்தான் 100 இருக்கும், ஒரே மதிப்பெண் இரண்டு பேருக்கு இருக்கும், வகுப்பில் ஒரே ஒரு மாணவர் இருப்பார். அதுபோன்ற இன்புட்டுகளைத் தாங்களே எழுதி, விடையையும் கையால் போட்டுப் பார்க்கப் பழகியவர்களுக்குத்தான் அந்தத் தேர்வில் கை கொடுக்கும்.

சரி, அந்த மாணவர் எனக்கு என்ன எழுதியிருக்க வேண்டும்? புரோகிராமுக்குக் கீழே இவ்வளவு போதும்:

```
இன்புட்: 100 91
வந்தது: 100
வர வேண்டியது: 91 (இரண்டாவது அதிக மதிப்பெண்)
72 85 64 91 கொடுத்தால் சரியாக 85 வருகிறது
```

கடைசி வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். ஆனால் எது தப்பாக வருகிறது என்பதோடு, எது சரியாக வருகிறது என்பதும் தெரிந்தால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தாலே போதும். ஒன்றில் மூன்று இலக்க எண் இருக்கிறது, மற்றதில் இல்லை. அனுபவமுள்ள ஒருவர் புரோகிராமின் முதல் வரிக்கு நேராகப் போய்விடுவார். இன்புட்டைத் தட்டச்சு செய்த எழுத்தாகவே அனுப்புங்கள், ஃபோட்டோவாக வேண்டாம். எண்களுக்கு நடுவில் இருப்பது இடைவெளியா காற்புள்ளியா என்பது ஃபோட்டோவில் சரியாகத் தெரியாது. இந்தப் புரோகிராமில் இடைவெளிக்குப் பதில் காற்புள்ளி போட்டுவிட்டால் எல்லா மதிப்பெண்ணும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும்.

உதவுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரோகிராமை மட்டும் ஒட்டி ‘தப்பா வருது’ என்று ஒருவர் கேட்டால், நமக்குத் தெரிந்த திருத்தத்தைச் செய்து உடனே அனுப்பிவிட கை துறுதுறுக்கும். அனுப்பாதீர்கள். என்ன கொடுத்தாய், என்ன வந்தது, என்ன வரணும் என்று முதலில் கேளுங்கள். நான் செய்த ஒரு வரித் திருத்தம் ‘பி’ செக்‌ஷன்காரரின் புரோகிராமை முறித்துப் போட்டது. அவர் பட்டியலையும் கேட்டு வாங்கியிருந்ததால்தான் அது தெரிந்தது.